தலைச்சன் ஜிப்பா

எழுதுகிறவர்கள் எவ்வளவோ படித்தவர்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். ரசீதில் பேரும் அளவும் எழுதுவதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். பேசத் தெரிந்திருந்தால் யாரிடமாவது சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அது முடியாததால்தான் எழுதுகிறேன். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது புதுப்பட்டினம் கடைத்தெருவில் என் தையல் கடை இருந்தது. பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் வசதியானவர்கள் மெட்ராஸில் தைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் மிஷினில் தைப்பேன். பித்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பித்தான் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் வீட்டில் என் மனைவி. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பையன், அடுத்தது பெண், மூன்றாவது மறுபடி பையன். மனைவி நான்காவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். மூன்றாவது பையன் வளராமல் நின்றதுபோல் இருந்தான். வயிற்றில் இருப்பதும் இவன் மாதிரி ஆகிவிடுமோ என்பதுதான் அவள் பயம். அதை அவள் சொல்லவே மாட்டாள். சின்னவனைக் குளிப்பாட்டும்போது அவன் முழங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். எனக்குப் புரியும்.

தெருவில் அவனைச் சவலை என்றுதான் கூப்பிட்டார்கள். தாயின் பால் பாதியில் நின்றுபோன பிள்ளைக்கு நம் ஊரில் அதுதான் பேர். என் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். தினமும் ஒருமுறை வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து, "மூத்தது பனமரம், கடைசி பனங்கொட்ட" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்கு அதில் கெட்ட எண்ணம் கிடையாது. சின்னவனும் கூடவே சிரிப்பான்.

மூத்தவன் உயரமாக இருப்பதில் அதிசயம் என்ன, அவன் மூத்தவன்தானே என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வயது ஆனால் இவனும் அந்த உயரத்துக்கு வருவான் என்று இருந்தேன். தையல்காரன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஆனால் நம் பிள்ளையை நாம் அளவெடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் பள்ளிவாசலில் பிள்ளைகள் காலையில் ஓதும் இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். கூட ஒரு நர்சு. ஒரே வீட்டு அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை அளந்து, முதலில் பிறந்ததற்கும் பின்னால் பிறந்ததற்கும் உயரத்தில் வித்தியாசம் உண்டா, உண்டென்றால் ஏன் என்று பார்க்கிறாராம். சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்திலும், பக்கத்துக் காலனியிலும் அளந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை. செருப்பு இல்லாமல், குதிகால் பலகையில் ஒட்ட, நேராகப் பார்த்து நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். காலையிலேயே அளந்து முடித்துவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். மனிதன் நாள் முழுக்க நின்று நடந்தால் சாயங்காலம் கொஞ்சம் குறுகிவிடுவானாம். இத்தனை வருஷம் அளவெடுத்தவன், எனக்கு அது தெரியாது.

அளப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. வயதுதான் சிரமம். எந்த அம்மாவைக் கேட்டாலும் "ஆறோ ஏழோ இருக்கும்" என்றார்கள். ஒருத்தி, "பெரிய பொயலு அடிச்ச வருஷம் வயித்துல" என்றாள். எந்தப் புயல் என்று கேட்டால் அதற்கு மேல் தெரியவில்லை. நான் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சின்னவன் பலகைக்கு வந்தபோது டாக்டரம்மா அவனை விட்டுவிட்டு அவன் உடுத்தியிருந்த ஜிப்பாவைப் பார்த்தார். முழங்காலைத் தாண்டி, கெண்டைக்கால் வரை தொங்கியது.

"இது யாருது?" என்று கேட்டார்.

"அண்ணாத்தது" என்றான்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன். அண்ணன் இதை எப்போது போட்டான் என்று கேட்டார். நோன்புப் பெருநாளுக்கு வருஷம் ஒரு ஜிப்பா மூத்தவனுக்குத் தைப்பேன். அதை எடுத்து வைத்திருந்து, சின்னவனுக்கு அத்தனையாவது பெருநாள் வரும்போது அவனுக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இது மூத்தவன் பிறந்து கண்ட ஏழாவது பெருநாளுக்குத் தைத்தது. அவனுக்கு அப்போது முழங்கால் அளவு. போன மாதம் முடிந்தது சின்னவனுக்கு ஏழாவது பெருநாள். தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணனையும் தம்பியையும் இன்றைக்கு நிற்கிற மாதிரி நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரே வயதில் இரண்டு பேரும் எவ்வளவு இருந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும், உங்கள் ஜிப்பா அதைத்தான் காட்டுகிறது என்றார். அப்புறம் இரண்டு பேரும் எந்த மாதம் பிறந்தார்கள் என்று கேட்டார். மூத்தவன் ரஜபு மாதம். சின்னவன் முஹர்ரம். அவர் விரலை மடக்கி எண்ணினார். மூத்தவன் முதல் பெருநாள் காணும்போது இரண்டரை மாதக் குழந்தை. சின்னவன் முதல் பெருநாள் காணும்போது ஒன்பது மாதத்துக்குக் கிட்ட. அப்படியானால் இந்த ஜிப்பாவைப் போடும்போது சின்னவன், அண்ணன் அன்றைக்கு இருந்ததைவிட அரை வருஷம் பெரியவன். பெரியவனாக இருந்தும் இவ்வளவு குறைவு.

அதைப் போடும்போது இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று நான் நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் டாக்டரம்மா, தாயைப் பார்க்காமல் இதை எழுத முடியாது என்று என் கூடவே வந்துவிட்டார்.

வீட்டில் உட்காரப் பாய் போட்டோம். மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டைகளை ஒதுக்கினாள். டாக்டரம்மா முதலில் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்க ஆரம்பித்தார். எங்கே பிறந்தது, மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய், பிள்ளை பெற்று எத்தனை நாள் படுத்திருந்தாய், எவ்வளவு காலம் பால் கொடுத்தாய்.

மூத்தவன் அவள் தாய்வீட்டில், திருக்கழுக்குன்றத்தில் பிறந்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. ஏழாம் மாதம் அழைத்துப் போனார்கள். அப்போது அவள் தாய் இருந்தார். உளுந்தங்களி, நாட்டுக்கோழி, முட்டை, பேரீச்சம்பழம். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆன பிறகுதான் இங்கே அனுப்பினார்கள். இதைச் சொல்லும்போது மனைவி கொஞ்சம் சிரித்தாள். "என்னய கட்டில்ல இருந்து எறங்கவே வுட மாட்டாங்க" என்றாள்.

பெண் பிறந்தது இந்த வீட்டில். அடுத்தடுத்த பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. வலி எடுத்த அன்று காலை வரை காஜா எடுத்திருக்கிறாள். பெண் எட்டு மாதம் தவழும்போதே சின்னவன் வயிற்றில் நன்றாகத் தெரிந்துவிட்டான். அந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்து கடை மூடியிருந்தது. மாசமானவள் நிறையத் தின்றால் பிள்ளை உள்ளே பெருத்துவிடும், வெளியே வர வழி இருக்காது என்று என் அக்கா சொல்லி, இவளும் பயந்து, ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். குறைத்துக்கொண்டது பயத்தினாலா, வீட்டில் இல்லாததாலா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. இரண்டும்தான் இருக்கும்.

சின்னவனுக்கு எவ்வளவு காலம் பால் கொடுத்தாய் என்று டாக்டரம்மா கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு ஏழு மாதம் இருக்கையில் மறுபடி தங்கிவிட்டது. அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது என்று வேப்பிலையை அரைத்துப் பூசிப் பாலை மறக்க வைத்தார்கள். கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். உடனே வயிற்றுப்போக்கு. ஒன்று நின்றால் இன்னொன்று. தங்கிய கருவும் மூன்றாம் மாதம் கலைந்துபோனது. ஆனால் பால் திரும்ப வரவில்லை.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். பொறுமையாகச் சொன்னார். பிறக்கும்போது பார்த்தால் பொதுவாக முதல் குழந்தைதான் கொஞ்சம் எடை குறைவாக இருக்கும், அடுத்தது அதைவிடக் கனமாகப் பிறக்கும். அதனால் பின்னால் பிறந்தது குட்டையாகத்தான் ஆகும் என்று விதி எதுவும் கிடையாது. இடைவெளி இல்லாமல் பெற்றால் தாயின் உடம்பில் இருப்பு தீர்ந்துபோகிறது. ரத்தம் குறைகிறது. பிள்ளைக்குப் பால் சீக்கிரம் நிற்கிறது. முதல் இரண்டு மூன்று வருஷத்தில் விட்ட வளர்ச்சியை அப்புறம் பிடிப்பது கஷ்டம். வீட்டில் இருக்கிற சோறு ஒன்றாக இருந்தது நாலாகப் பிரிகிறது. முதல் பிள்ளைக்குக் கிடைத்தது பின்னால் வந்ததற்குக் கிடைப்பதில்லை, அதுதான் விஷயம். ஒரு வீட்டைப் பார்த்து நான் எதையும் முடிவு கட்ட முடியாது, பல வீடு பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். "எங்க வீட்ல நான் அஞ்சாவது. நான்தான் எல்லாரையும் விட உயரம்" என்றார்.

மனைவி அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ என் ஒடம்பால வந்ததா இது?"

"உன் தப்பு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"தப்பான்னு கேக்கலீங்க. என் ஒடம்பாலயான்னு கேட்டேன்."

 அவர் என் பக்கம் திரும்பி, இவளுக்கு ரத்தம் மிகவும் குறைவு, இரும்பு மாத்திரை தருகிறேன், தினமும் முட்டை, கீரை, பருப்பு கொடுங்கள், மத்தியானம் படுக்க விடுங்கள், முதல் பிள்ளைக்கு எப்படி இருந்தாளோ அப்படி இருந்தால் இந்தக் குழந்தை நன்றாகப் பிறக்க இடம் இருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். முதல் பிள்ளைக்கு எப்படி இருந்தாளோ அப்படி.

முட்டை வாங்க ஆரம்பித்தேன். வேகவைத்துக் கொடுப்பேன். நான் கடைக்குப் போன பிறகு அதை மூன்றாக நறுக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். சின்னவனுக்குப் பெரிய துண்டு. பிறகு என் கண்ணெதிரே தின்னச் சொன்னேன். பிள்ளைகள் மூன்றும் எதிரில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்க்கும். அவளுக்குத் தொண்டையில் இறங்காது. பிள்ளைகளை வெளியே போகச் சொன்னால் ஜன்னலில் வந்து நிற்பார்கள். ஒருநாள் மூத்தவன், "அம்மா, துன்னு, நாங்க பாக்கல" என்று ஜன்னலிலிருந்து சொன்னான். அவள் முட்டையைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் நான் வற்புறுத்தவில்லை. மாத்திரை தின்றால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று அதையும் அக்கா நிறுத்தச் சொன்னாள். இவள் நிறுத்தவில்லை, ஆனால் மாத்திரை தீர்ந்துபோனது. டாக்டரம்மாவும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

மத்தியானம் படுக்கச் சொன்னால் படுப்பாள். கையில் சட்டை இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே பித்தான் தைப்பாள். காஜாவுக்கு வேறு ஆள் வைக்கலாம் என்று பார்த்தேன். அப்படி வைத்தால் முட்டை வாங்க முடியாது. இதைப் பலமுறை யோசித்தேன். எங்கிருந்து ஆரம்பித்தாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

அப்போதுதான் அவளைத் தாய்வீட்டில் விடலாம் என்று எனக்குத் தோன்றியது. நான்காவது பிரசவத்துக்கு யாரும் போக மாட்டார்கள். அவள் தாயும் இறந்துபோயிருந்தார். ஆனால் அண்ணன் இருக்கிறார். திருக்கழுக்குன்றத்தில் மலை ஏறுகிற வழியில் வளையல் கடை. நல்ல மனுஷர். ஐந்தாறு மாதம் அங்கே இருந்தால் காஜா எடுக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் வாயைப் பார்க்கவும் மாட்டார்கள். மனைவியிடம் சொன்னதும், "நாலாவதுக்கா, சிரிப்பாங்க" என்றாள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறாம் மாதம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். தன் புடவை இரண்டை அவள் ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். 

மைத்துனர் கடையில் கூட்டம். மலைக்கோயிலில் கழுகு சோறு தின்ன வருவதைப் பார்த்துவிட்டு இறங்குகிற ஜனம். மைத்துனர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க மச்சான், சொல்லி அனுப்பக் கூடாதா" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்குள் நுழைந்ததும் வாசனை வந்தது. உளுந்து வறுக்கிற வாசனை. கட்டிலில் அவருடைய மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம்தான் கல்யாணம். தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். எட்டாம் மாதம். கன்னமெல்லாம் பூரித்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை அவள் அம்மா, "நீ எறங்காத" என்று அமர்த்தினாள்.

என் மனைவி பையைக் கதவோரம் வைத்துவிட்டு அண்ணன் மகளின் தலையைத் தடவினாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் மனைவி எங்களுக்கு டீயும் பேரீச்சம்பழமும் வைத்தாள். அவள் பார்வை அந்தப் பையின்மேல் போனதை நான் பார்த்தேன். புருஷனை உள்ளே கூப்பிட்டாள்.

நான் எப்படிக் கேட்பது என்று வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மைத்துனர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"ஒரே கூரைக்குக் கீழ மாசமானவங்க ரெண்டு பேரு இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க மச்சான். ஒண்ணு மேல வந்தா ஒண்ணு கீழ போயிடும்னு. அவளுக்கு இது தலைச்சன். சம்பந்தி வூட்ல வேற வந்து வந்து பாத்துகினு கீறாங்க. இல்லன்னா என் தங்கச்சிய நான் போன்னு சொல்வனா?"

"அதெல்லாம் இல்லீங்க, சும்மா பாத்துட்டுப் போவத்தான் வந்தோம்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று கோழி அறுத்துச் சமைத்தார்கள். மனைவி நன்றாகச் சாப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். எதிரில் பிள்ளைகள் இல்லை.

புறப்படும்போது கடையில் உட்காரவைத்துத் தங்கைக்கு வளையல் போட்டார். ரெண்டரை அளவுக் கட்டு ஒன்றைப் பிரித்தார். வளையல்காரர்கள் அளவு கேட்பதில்லை, கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். அவள் கையைப் பிடித்து விரல்களைக் கூட்டி அமுக்கிப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டு ரெண்டேகாலை எடுத்தார். அதுவும் சோப்பு போடாமலே ஏறியது. இரண்டு கைக்கும் நிறையப் போட்டார். என்னைப் பார்க்காமல், "ஒடம்ப பாத்துக்க" என்று அவளிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மகளுக்கு அவர் செய்வதைத்தான் என் மாமியார் இவளுக்குச் செய்தார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆனூர் தாண்டியதும், "அவ புள்ள நல்லா வளரும்" என்றாள். வயிற்றெரிச்சலாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு துணியைப் பார்த்து இது வெளுக்காது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதமும் பழையபடிதான். வளையல் சத்தம் கேட்கக் காஜா எடுத்தாள். கால் வீங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. அக்கா வந்து பார்த்து முதல் தடவையாகக் கேலி செய்யாமல் போனாள். அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சோற்றை அவளே பொங்கி எடுத்து வந்தாள். தின்னாதே என்று சொன்னவள், "துன்னு துன்னு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதற்குள் இவளுக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது.

மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டது. இந்தத் தடவை வீட்டில் வேண்டாம் என்று செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெண் குழந்தை. உயிரோடு பிறந்தது, அழுதது. நர்சு ஒருத்தி எடைத் தட்டில் போட்டு, பிறகு ஒரு பலகையில் நீட்டிப் படுக்கவைத்துக் காலை இழுத்துப் பிடித்து அளந்தாள். எண்ணைச் சொன்னாள். அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. துணி இல்லாமல் ஒரு உடம்பை ஒரு பார்வை பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். சின்னவன் பிறந்தபோதும் இப்படித்தான் கையில் ஏந்திப் பார்த்தேன். இது அவனைவிடக் குறைவு.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். அவள் உடனே சரி என்றாள். என்னைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர், இந்த ரத்தத்தில் இப்போது செய்ய முடியாது, உடம்பு தேறிய பிறகு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். உடம்பு தேறி வரச் சொல்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பார்க்கிற நேரத்தில் கட்டிலோரம் போய் நின்றேன். குழந்தை அவள் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது. கட்டிலில் இரண்டு பேர் கிடந்தும் பாதி இடம் மிச்சம் இருந்தது.

"தலைச்சன் அளவு இருக்குமா?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட இருக்கும்" என்றேன்.

"பொய் சொல்லும்போது டேப்பு புடிக்கிற மாதிரி வெரல வெச்சுக்கிறீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் குழந்தையின் காலைத் துணிக்குள் இருந்து எடுத்து, நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்து மூடினாள். பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பிழிந்து பாலாடைச் சங்கில் எடுத்து ஊட்டச் சொன்னாள் நர்சு. பிழிந்தாள். பாலாடையின் அடி மட்டும் நனைந்தது.

"நாப்பது நாளு படுத்தா பாலு ஊறும்னு எங்கம்மா சொல்லும்" என்றாள். நான் படுத்துக்கொள் என்று சொன்னேன். எங்கே படுப்பது, யார் பார்ப்பது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அவள் காஜா எடுக்க உட்கார்ந்தாள்.